வைஃபை 7 வாங்குவதற்கு முன் மாடியறையில் ஒரு சோதனை

திருச்சியில் இருக்கும் என் அக்கா போன மாதம் போன் செய்தாள். "தம்பி, கடையில ஒரு ரூட்டர் பார்த்திருக்கோம். வைஃபை ஏழாம். ஒன்பதாயிரத்து ஐந்நூறு சொல்றாங்க. இவளுக்கு மாடியில மீட்டிங் நடுவுல நின்னு நின்னு போகுது. வாங்கிரலாமா?"

"வாங்காதே, ஞாயிற்றுக்கிழமை நானே வர்றேன்" என்றேன். வேண்டாம் என்று அப்போதே முடிவு கட்டிவிடவில்லை. கேபிள், கட்டடம், கையில் இருக்கும் போன், லேப்டாப் எல்லாவற்றையும் பார்க்காமல் அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. புது ரூட்டர் சில வீடுகளில் உண்மையிலேயே பெரிய மாற்றம் தரும். வேறு சில வீடுகளில், அட்டைப்பெட்டியைத் திறந்து மாட்டிய பிறகும் அதே இடத்தில் அதே மீட்டிங் அதே மாதிரி நிற்கும். நம் வீடு எந்த வகை என்று அரை மணி நேரத்தில் அளந்து தெரிந்துகொள்ளலாம். செலவு எதுவும் இல்லை.

அக்கா வீடு 1990களில் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள், கீழும் மேலும் தளங்கள், நடுவில் கான்கிரீட் தளம். இணைய நிறுவனம் மூன்று வருடங்களுக்கு முன் கொடுத்த பெட்டி கீழே ஹாலில் டிவிக்குப் பின்னால், ஷோகேஸின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் எல்லோரும் அதை மோடம் என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஃபைபர் கம்பியில் வரும் ஒளியை வாங்கி, வைஃபையாகவும் பரப்புகிற பெட்டி அது. பக்கத்தில் இரும்பு பீரோ. திட்டம் 100 எம்பிபிஎஸ். மாடியில் தெருவைப் பார்த்த அறையில் அக்கா மகள் உட்கார்ந்து அலுவலக வேலை பார்க்கிறாள். அவளிடம் 2022இல் வாங்கிய லேப்டாப். அக்கா போன் நடுத்தர விலை. அத்தான் போன் பழையது. ஒரு ஸ்மார்ட் டிவி, வாசலில் இரண்டு கேமரா.

முதலில் நான் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு லேன் கேபிள். லேப்டாப்பை மோடத்தில் நேரடியாகச் சொருகினேன், வைஃபையை அணைத்தேன், வேகச் சோதனை ஓட்டினேன். 98 எம்பிபிஎஸ். இந்த ஒரு எண்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. தெருவிலிருந்து வீட்டுக்குள் எவ்வளவு வருகிறது என்பதை இது சொல்லிவிடுகிறது. மாநகராட்சிக் குழாய் அரை அங்குலமாக இருக்கும்போது, குளியலறையில் எவ்வளவு பெரிய ஷவர் மாட்டினாலும் தண்ணீர் கூடாது. இங்கே 98 வந்ததால் நிறுவனத்தின் மேல் குறை இல்லை. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குக் கேபிளிலேயே 40தான் வந்திருந்தால், ரூட்டர் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அவர்களுக்குத்தான் போன் போட வேண்டும்.

இந்த இடத்தில் அத்தான் குறுக்கிட்டார். "நூறு எங்கப்பா வருது? படம் இறக்கினா பன்னெண்டுக்கு மேல காட்டவே மாட்டேங்குது." பலருக்கும் உள்ள குழப்பம் இது. திட்டத்தில் சொல்வது மெகாபிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அத்தானுக்கு வர வேண்டியது முழுதாக வந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்து கேபிளைக் கழற்றிவிட்டு, அதே ஹாலில், மோடத்திலிருந்து பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து வைஃபையில் சேர்ந்தேன். விண்டோஸ் லேப்டாப்பில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இந்த ஒரு வரியை அடித்தால், அந்த நொடியில் லேப்டாப்பும் ரூட்டரும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று காட்டும்:

```
netsh wlan show interfaces
```

வருகிற வரிகளில் மூன்றைப் பார்த்தால் போதும். `Radio type` என்ற இடத்தில் `802.11ac` என்றிருந்தது. `Receive rate` 867. `Signal` 94 சதவீதம். வேகச் சோதனை ஓட்டினால் 97.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் விளக்கி விடுகிறேன், ஏனென்றால் கடையில் நம்மிடம் விற்பது இவற்றைத்தான். வைஃபை 4, 5, 6 என்ற எளிய பெயர்கள் 2018இல்தான் வந்தன. அதற்கு முன் தரத்துக்குத் தரம் எழுத்துகள்தான். 802.11n என்றால் வைஃபை 4, 802.11ac என்றால் 5, 802.11ax என்றால் 6, 802.11be என்றால் 7. ஆக, அக்கா வீட்டு மோடம் வைஃபை 5. அடுத்த எண்ணான 867, லேப்டாப்பும் மோடமும் காற்றில் பேச ஒப்புக்கொண்ட வேகம். இதை இணைப்பு வேகம் என்று வைத்துக்கொள்வோம். அது முழுதாக நம் கைக்கு வராது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பது, கேட்டதற்குப் பதில் சொல்வது என்று போக, நல்ல நிலைமையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் தேறும். அப்படிப் பார்த்தாலும் 867இல் ஏறக்குறைய 500 கிடைக்கும். வீட்டுக்குள் வருவது 98.

வைஃபை 6 ரூட்டர் மாட்டினால் அந்த 867 என்பது 1201 ஆகும், ஹாலில். வைஃபை 7 மாட்டினாலும் லேப்டாப் 6 வரைதான் பேசும் என்பதால் அதிகபட்சம் 2402 ஆகும். வேகச் சோதனை மட்டும் 97இலேயே நிற்கும். ஐந்நூறு ஓடக்கூடிய பாதையில் நூறு ஓடிக்கொண்டிருக்கிறது. பாதையை ஆயிரமாக அகலப்படுத்தினாலும் ஓடுவது அதே நூறுதான். நூறு, நூற்றைம்பது எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருக்கும் வீடுகளில், மோடம் இரு பட்டை உள்ள வைஃபை 5 ஆக இருந்தால், அதன் அருகில் உட்கார்ந்திருப்பவருக்குப் புதிய தரம் வேகத்தில் எதையும் கூட்டித் தராது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அக்கா மகளின் குறை ஹாலில் இல்லை, மாடியில். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன்.

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து அதே கட்டளையை அடித்தேன். `Radio type` இன்னமும் `802.11ac`. `Signal` 44 சதவீதம். `Receive rate` 58. வேகச் சோதனை 22. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அடித்துப் பார்த்தால் `Radio type` இப்போது `802.11n` என்று மாறியிருந்தது. லேப்டாப் தானாகவே 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையை விட்டு 2.4 பட்டைக்கு இறங்கியிருந்தது. அதில் வேகம் 14. அப்புறம் திரும்பவும் மேலே தாவியது. இந்தத் தாவல் நடக்கும் சில நொடிகளில்தான் மீட்டிங்கில் முகம் உறைந்து நிற்கிறது.

இரண்டு பட்டைகளின் குணம் இப்படி. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவருக்குப் பயந்தது. ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றைத் தாண்டும், இரண்டாவதில் தடுமாறும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைக் குறுக்காகத் தாண்டுவது அதற்குப் பெரும்பாடு. 2.4 கொஞ்சம் நன்றாகத் துளைத்துப் போகும். அதனாலேயே பக்கத்து வீட்டு 2.4ம் நம் வீட்டுக்குள் நன்றாக வந்துவிடும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. தெருவில் இருபது வீடு இருந்தால் இருபது பேரும் அந்த மூன்றில்தான் பேச வேண்டும். ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

இப்போது கேள்வி இதுதான்: ஹாலில் அதே ஷோகேஸில் வைஃபை 7 ரூட்டர் உட்கார்ந்தால் மாடியறைக்கு என்ன கிடைக்கும்? அட்டைப்பெட்டியில் 3600 என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அந்த எண் 2.4 பட்டையின் 688ஐயும் 5 பட்டையின் 2882ஐயும் கூட்டி, நெருக்கமான நூறுக்கு உயர்த்திப் போட்டது. எந்தப் போனும் எந்த லேப்டாப்பும் அந்தக் கூட்டுத்தொகையைப் பார்க்கப்போவதில்லை. அந்த 2882கூட, சிக்னல் மிகத் தெளிவாக இருக்கும்போது கிடைப்பது. புதிய தரங்கள் வேகத்தைக் கூட்டும் ஒரு வழி, அலையின் ஒரே துடிப்பில் இன்னும் நுணுக்கமாகத் தகவலைப் பொதிவது. பொடி எழுத்தில் எழுதினால் ஒரே தாளில் நிறைய எழுதலாம், ஆனால் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் படிக்க முடியும். அதுபோல, இரண்டு சுவர் தாண்டியதும் ரூட்டரும் லேப்டாப்பும் பொடி எழுத்தைக் கைவிட்டுப் பெரிய எழுத்துக்கு இறங்கிவிடும். அந்தப் பெரிய எழுத்து வைஃபை 5இலும் ஏறக்குறைய அதேதான். ஆகவே பழைய தரமும் புதிய தரமும் மிக நெருங்கி வந்து நிற்கும் இடம் தூரத்து அறை. நாம் புது ரூட்டர் வாங்க நினைப்பதோ அந்தத் தூரத்து அறைக்காக.

"நாலு ஆன்டெனா இருக்கே மாமா, தூரம் போகாதா?" என்று கேட்டாள் மகள். நியாயமான கேள்வி. நிறுவனம் சும்மா கொடுக்கும் மோடத்தைவிட நல்ல ரூட்டரின் ஆன்டெனாவும் ரேடியோவும் மேலானவை என்பது உண்மை. நடுத்தூர அறைகளில் அதனால் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும். ஆனால் பேச்சு இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். ரூட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், போனில் இருப்பது சின்ன ஆன்டெனா, சின்ன பேட்டரி. அது முனகும் பதில் கீழே மோடத்துக்குக் கேட்க வேண்டுமே. போனில் நாலு கோடும் தெரிந்து வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும் வீடுகளில் பாதி இந்தக் கதைதான்.

மீதிப் பாதி வேறு கதை. அதுவும் இந்த வீட்டில் இருந்தது. மாடியறைச் சுவரில் ஒரு ரிப்பீட்டர் சொருகியிருந்தது. போன வருடம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியதாம். அதைச் சேர்த்துப் பார்த்தால் சிக்னல் 90 சதவீதம், வேகம் 9! மகளின் லேப்டாப்புக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் உள்ள தூரம் மூன்றடி என்பதால் கோடுகள் நிறைய. ஆனால் ரிப்பீட்டருக்கும் கீழே உள்ள மோடத்துக்கும் நடுவில் அதே கான்கிரீட் இருக்கிறது. வாங்கியதை வாங்கிய பட்டையிலேயே திருப்பிச் சொல்வதால் நேரமும் இரட்டிப்பாகச் செலவாகிறது. கோடுகள் காட்டுவது கடைசி மூன்றடியின் நிலைமையை மட்டும். அதைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

பிறகு பைசா செலவில்லாத வேலை ஒன்று செய்தோம். மோடத்தை ஷோகேஸின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து, பீரோவுக்கு இந்தப் பக்கம், மாடிப்படி தொடங்கும் இடத்தில் சுவரில் ஆறடி உயரத்தில் வைத்தோம். உள்ளே வரும் மெல்லிய ஃபைபர் கம்பிக்கு ஏழெட்டு அடி மிச்சம் சுருட்டி வைத்திருந்தார்கள், அதனால் முடிந்தது. அந்தக் கம்பியை மடக்கவோ இறுக்கி ஆணியடிக்கவோ கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கம்பி எட்டவில்லை என்றால் இழுத்துப் பார்க்காமல் நிறுவனத்தின் ஆளைக் கூப்பிடுவதுதான் சரி. மாடியில் போய் அளந்தால் 22 இப்போது 41. இரும்பு பீரோவும் டிவியும் வழிமறித்ததால் போனது அவ்வளவு! மீட்டிங்குக்கு இதுவே தாராளம். ஒரு வீடியோ மீட்டிங்குக்கு நாலைந்து எம்பிபிஎஸ் சீராக வந்தால் போதும். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கே 15 போதும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. ஆனாலும் சாயங்காலம் தெருவே வீட்டில் இருக்கும்போது மறுபடி அளந்தேன். 5 பட்டை 35க்கு இறங்கியது, இரண்டொரு முறை 2.4க்கும் தாவியது. மகள் வேலையை நம்பி இருப்பவள், அவளுக்கு இது போதாது.

மறுநாள் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, பழைய கேபிள் டிவி ஒயர் போன துளை வழியாகவே கேட்-6 லேன் கேபிள் 22 மீட்டர் மாடிக்கு இழுத்தோம். மேல்முனையில் அடிப்படை மாடல் வைஃபை 6 ரூட்டர் ஒன்றை, ஆக்சஸ் பாயின்ட் முறையில் அமைத்து மாட்டினோம். இந்த முறையில் வைத்தால், வீட்டுக்குள் முகவரி கொடுக்கும் வேலை கீழே மோடத்திடமே இருக்கும். மேலே இருப்பது வைஃபையை மட்டும் பரப்பும். அப்படி மாற்றாமல் விட்டால் ஒரே வீட்டில் இரண்டு ரூட்டர்கள் தனித்தனி நாட்டாமை செய்யும். கீழே உள்ள கேமராவை மேலே இருக்கும் போன் கண்டுபிடிக்காது, சில விளையாட்டுகளும் அலுவலக இணைப்புகளும் மக்கர் செய்யும். கீழே உள்ள அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் மேலேயும் கொடுத்தோம், சேனலை மட்டும் மாற்றினோம். மாடியறையில் வேகம் 96. கேபிள், கூலி, ரூட்டர் எல்லாம் சேர்ந்து நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இங்கே ஒரு வாசகர் கேட்கலாம்: கடைசியில் நீயும் வைஃபை 6தானே வாங்கினாய்? ஆமாம். எப்படியும் ஒன்று வாங்க வேண்டியிருந்தது, விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். ஆனால் வேகம் கூடியதற்குக் காரணம் அந்த 6 இல்லை. அதே இடத்தில் வைஃபை 5 ரூட்டர் ஒன்றை வைத்திருந்தாலும் 96 வந்திருக்கும். வேலை செய்தது 22 மீட்டர் கம்பி.

ஒரு சுவரும் இல்லாத சின்ன ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கம்பிக் கதை பொருந்தாது. அவர்களுக்கு வேறொரு இடத்தில் மாட்டிக்கொள்ளும். சென்னையில் என் நண்பன் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினான். வேகம் 94. புதிதாக வைஃபை 6 ரூட்டர் வாங்கினான். அப்போதும் 94. காலை, இரவு, எந்த அறையிலும் 94. போனில் அவன் அந்த எண்ணைச் சொன்னவுடன் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வைஃபை கோளாறு என்றால் எண் அறைக்கு அறை மாறும், நேரத்துக்கு நேரம் ஆடும். அசையாமல் 93, 94 என்று நின்றால், வழியில் எங்கோ லேன் இணைப்பு ஒன்று 100இல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நூறில் தலைப்பு, வால் எல்லாம் கழிந்து மிச்சம் வருவது அந்த 94.

அவன் புது ரூட்டரில் கிகாபிட் துறைகள்தான் இருந்தன, மோடத்திலும் அப்படியே. நடுவில் இணைத்த கேபிள் பழையது. லேன் கேபிளுக்குள் எட்டு இழைகள் உண்டு. நூறு ஓட நாலு போதும், ஆயிரம் ஓட எட்டும் வேண்டும். முனையில் கிளிப் ஒழுங்காக அடிக்காமல் ஓர் இழை தொடாமல் போனாலும் இரண்டு பெட்டிகளும் பேசி வைத்து நூறுக்கு இறங்கிவிடும், யாரிடமும் சொல்லாது. அந்த கேபிளை லேப்டாப்பில் சொருகிப் பார்த்தால் நெட்வொர்க் விவரத்தில் 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டியது. நூற்றைம்பது ரூபாய் கேபிள் மாற்றியதும் 300 வந்தது. பழைய ரூட்டர்கள் பலவற்றில் துறைகளே நூறுதான். அப்படி இருந்தால் கேபிள் மாற்றிப் பயனில்லை, அங்கே ரூட்டரையே மாற்றுவதுதான் வழி. ரூட்டர் வாங்கும்போது வைஃபை எத்தனை என்று பார்க்கும் அதே அக்கறையோடு துறைகள் கிகாபிட்டா என்றும் பாருங்கள்.

சரி, புதிய தரம் யாருக்குத்தான் உதவும்? என் அனுபவத்தில் மிகப் பெரிய பயன் அடைபவர்கள், 2.4 பட்டை மட்டும் உள்ள பழைய பெட்டியை இன்னமும் வைத்திருப்பவர்கள். 100 எம்பிபிஎஸ்சுக்குப் பணம் கட்டிவிட்டு, மோடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து முப்பது நாற்பது வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் இரு பட்டை உள்ள எதற்கு மாறினாலும் அன்றே வித்தியாசம் தெரியும். இன்று வாங்குவதென்றால் வைஃபை 6 வாங்கலாம். கடைக்குப் போவதற்கு முன் நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பழைய மோடத்தை இரு பட்டை மோடமாகச் சும்மாவே மாற்றித் தரும் நிறுவனங்கள் உண்டு.

அடுத்தவர்கள், 500க்கு மேல் திட்டம் வைத்திருப்பவர்கள். அங்கே வைஃபை 5இன் கையிருப்பும் திட்டமும் சமமாகிவிடும். ஒரே அறையில் இருந்தாலும் வைஃபை 6 நூறு இருநூறு கூட்டித் தரும், போனோ லேப்டாப்போ அந்தத் தரத்தைப் பேசினால். இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். தரம் என்பது இரண்டு பேருக்கும் பொதுவான மொழி. ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் பேசிப் பயனில்லை. அத்தானின் போன் 2.4 மட்டும் அறிந்தது. வைஃபை 7 ரூட்டரின் முன்னால் வைத்தாலும் அது வைஃபை 4தான் பேசும், 72இல்தான் இணையும். அக்காவின் போன் வைஃபை 5, ஆனால் ஒற்றை ஆன்டெனா. அதன் உச்சம் 433. வாசல் கேமராக்களும் 2.4தான். லேப்டாப் எதுவரை பேசும் என்பதை இந்த வரி சொல்லும்:

```
netsh wlan show drivers
```

`Radio types supported` என்ற வரியில் `802.11ax` இருந்தால் வைஃபை 6 தெரியும், `802.11be` இருந்தால் 7. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரத்துக்குப் போனால் இணைப்பு வேகமும் எந்தப் பட்டை என்பதும் தெரியும். வீட்டில் உள்ள கருவிகளை ஒரு துண்டுத்தாளில் எழுதி, எதிரே அதன் தரத்தைக் குறித்துப் பாருங்கள். டிவியை அந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளின் லேன் துறை நூறுதான், அதற்கு வேண்டியதோ 15.

இருபது முப்பது கருவிகள் ஒரே நேரத்தில் பேசும் வீடுகளிலும் வைஃபை 6க்கு உண்மையான பயன் உண்டு. வைஃபை 5இல் ஒவ்வொருவருக்கும் முறை வரும்போது சேனல் முழுவதும் அவர் கையில். கடுகளவு செய்தி அனுப்பவும் முழுப் பேருந்தையும் பிடிக்க வேண்டும். வைஃபை 6 ஒரே பயணத்தில் பலரை ஏற்றிக்கொள்ளும். ஆனால் ஏறுபவர்களும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும். பழைய கேமராக்கள் பழையபடியேதான் தனித்தனியாகப் பேருந்து பிடிக்கும்.

வைஃபை 7க்குச் சான்றளிப்பது 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் முழு பலம் 6 கிகாஹெர்ட்ஸ் என்ற மூன்றாவது பட்டையில் இருக்கிறது. அங்கே பழைய கருவிகளின் கூட்டம் இல்லை, 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் சேனல் போடலாம். அமெரிக்கா 2020இல் அந்தப் பட்டையில் 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இந்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதிகள் 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸைப் பற்றியவை. அந்த 500க்குள் 320 அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். அதைவிட முக்கியம், நம் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் வைஃபை 7 ரூட்டர்கள் பலவற்றில் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது. அக்கா பார்த்து வைத்திருந்ததும் அப்படிப்பட்டதுதான். 3600 என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும், 2.4ம் 5ம் மட்டும். மேலும் 6 கிகாஹெர்ட்ஸ், சுவரைக் கண்டால் 5ஐவிடவும் பயப்படும். ஆயிரம் எம்பிபிஎஸ் திட்டமும், வைஃபை 7 பேசும் போனும், ரூட்டர் இருக்கும் அறையிலேயே வேலையும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். நூறு எம்பிபிஎஸ் வீட்டுக்கு அது இன்று வேண்டாத செலவு.

வேகத்தோடு சம்பந்தமில்லாத ஒரு காரணத்துக்காக மட்டும் பழைய ரூட்டரைத் தூக்கிப் போடச் சொல்வேன். தயாரித்த நிறுவனம் மென்பொருள் புதுப்பிப்பு தருவதை நிறுத்திவிட்டால், அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். வீட்டின் எல்லாப் போக்குவரத்தும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் கடைசியாகப் புதுப்பித்த தேதி ஐந்தாறு வருடம் பின்னால் இருந்தால், தயாரிப்பாளரின் தளத்தில் புதியது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வேகம் நன்றாக வந்தாலும் மாற்றிவிடுங்கள்.

அக்கா இப்போது அந்த ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூட்டரைக் கேட்பதில்லை. நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்குப் போவதற்கு முன் மூன்று இடத்தில் அளந்துவிடுங்கள்: மோடத்தில் கேபிள் சொருகி, மோடத்துக்குப் பக்கத்தில் வைஃபையில், குறை உள்ள அறையில் வைஃபையில். முதல் எண்ணே குறைவென்றால் நிறுவனத்துக்குப் போன். முதலும் இரண்டாவதும் ஒன்றாக இருந்து மூன்றாவது மட்டும் விழுந்தால் கம்பி இழுங்கள். கேபிளில் நிறைய வந்து, பக்கத்திலேயே வைஃபையில் பாதியாகக் குறைந்தால், உங்கள் போனும் லேப்டாப்பும் புதியவை என்றால், அப்போது புது ரூட்டர் வாங்குங்கள்.